புதுப்பிப்பு: நிலையான சம்பளத்தை உயர்த்திக் கேட்ட மின்னஞ்சலுக்குக் கிடைத்த பதில்

என் முந்தைய கேள்வி: "மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டத்து வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். வேலை மிகவும் பிடித்திருக்கிறது. அந்த ஆர்வம் தெரியும்படியே சம்பளத்தை உயர்த்திக் கேட்பது எப்படி?"

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஆள்சேர்ப்புப் பணியில் அனுபவமுள்ள நாகர்கோவில் அக்கா சொன்ன வழியே பலித்தது. நேர்காணலில் பேசப்பட்ட, பணப் பரிவர்த்தனைச் சேவையின் தாமதத்தைக் குறைக்கும் பணியை ஏற்க ஏன் விரும்புகிறேன் என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில், "ஆண்டு நிலையான சம்பளம் 10 லட்சத்திலிருந்து 11.5 லட்சமானால் உடனே கையொப்பமிடுவேன்" என்று ஒரே தொகையைக் குறிப்பிட்டேன். அக்கா வற்புறுத்தியபடி, வீட்டுச் செலவைக் காரணமாகச் சொல்லவில்லை.

எதிர்பாராதது நிறுவனத்தின் முதல் பதில்தான். மொத்தத் தொகையை மாற்றாமல், அடிப்படைச் சம்பளத்தை மட்டும் 4 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கியிருந்தார்கள். "பேசிக்கை உயர்த்தினால் போதும்" என்ற தக்கலை அண்ணனின் கருத்து வருங்கால வைப்பு நிதிச் சேமிப்பைப் பொறுத்தவரை சரியே. ஆனால் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பிடிக்கும் நிறுவனத்தில், அவர்கள் பங்கும் மொத்தத் தொகைக்குள்ளேயே அடங்குவதால், என் கைக்கு வருவது ஆண்டுக்கு 24,000 ரூபாய் குறைந்திருக்கும். இதைக் கணக்கிட்டுக் காட்டி, மொத்தத்தையும் சேர்த்து உயர்த்தும்படி பணிவாக மீண்டும் எழுதினேன்; நிலையான சம்பளம் 11 லட்சமானது, ஏற்றுக்கொண்டேன்.

வேறு நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டி வென்ற குளச்சல் நண்பரின் வழி, அத்தகைய கடிதம் இல்லாததால் எனக்குப் பொருந்தவில்லை. செயல்திறன் ஊக்கத்தொகை முதல் ஆண்டில் முழுமையாகக் கிடைக்குமா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் இன்னும் வரவில்லை.