20 லட்சம், மாதம் 20,000: எத்தனை வருஷம் வரும்?

ஓய்வுக்குப்பின்: பணிக்கொடையாக வந்த 20 லட்சத்தை 8 சதவீத வட்டிக்கு டெபாசிட் போடப் போகிறேன். மாத வட்டி 13,333 வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன், வங்கியில் 13,245 என்கிறார்கள். எனக்குச் செலவுக்கு மாதம் 20,000 வேண்டும். குறைகிறதை அசலில் எடுத்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

நேர்க்கோடு: இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை சார். 20,000 வேண்டும், வட்டி 13,333. மாதம் 6,667 தான் அசலில் கை வைக்கிறீர்கள். 20 லட்சத்தை 6,667-ஆல் வகுத்தால் 300 மாதம், 25 வருஷம். நிம்மதியாக இருங்கள். ஆனால் அந்த 88-ஐ விடாதீர்கள். 8 சதவீதம் என்று எழுதிவிட்டு 12-ல் ஒரு பங்கு தராவிட்டால் அதற்குப் பெயர் திருட்டு.

பழைய பேரேடு: இருபத்தெட்டு வருஷம் டெபாசிட் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த 25 வருஷக் கணக்கை நம்பி ஒருவர் பணத்தைச் செலவழித்தால் பதினாலாவது வருஷம் கையை விரித்துக்கொண்டு நிற்பார். முதல் மாதம் 6,667 குறைகிறது, சரி. அடுத்த மாதம் வட்டி 20 லட்சத்துக்கா வரும்? மிச்சம் இருப்பதற்குத்தானே வரும்! வட்டி குறையக் குறைய அசலில் எடுப்பது கூடும். ஐந்து வருஷம் கழித்து அசல் 15 லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம், வட்டி 10,068 தான், மீதி 9,932 அசலிலிருந்து. பத்து வருஷத்தில் அசல் 7,80,000 சொச்சம், வட்டி 5,200, அசலிலிருந்து போவது 14,800. அப்புறம் சரசரவென்று இறங்கிவிடும். மொத்தம் 165 மாதம், அதாவது 13 வருஷம் 9 மாதம். நம்பாதவர்கள் விரிதாளில் அடித்துப் பாருங்கள்:

```
=NPER(8%/12,20000,-2000000)
```

நேர்க்கோடு: அந்த 88-க்குப் பதிலே வரவில்லை. கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்கு அது மட்டும் கண்ணில் படாது போல.

பழைய பேரேடு: 25-ஐப் பற்றிப் பேச்சே இல்லை, உடனே 88-க்குத் தாவியாச்சு. சரி, அதையும் சொல்கிறேன். இந்த மாதிரி டெபாசிட்டில் 8 சதவீதம் என்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடும் வட்டி. மூன்று மாதம் காத்திருந்தால் 40,000 கையில். நீங்கள் அதை மாதாமாதம் முன்கூட்டியே கேட்கிறீர்கள், அதனால் கழித்துக்கொண்டு 13,245 தருகிறார்கள். முதல் இரண்டு மாதத் தொகையையும் அதே விகிதத்தில் போட்டு வைத்துப் பாருங்கள், மூன்றாவது மாதக் கடைசியில் கூட்டினால் சரியாக 40,000 வரும். யாரும் திருடவில்லை.

தென்றல்73: ஐயா, என் கதையைக் கேளுங்கள். நானும் மாத வட்டிதான் வாங்கினேன், மூன்று வருஷம் ஜாலியாக ஓடியது. முதிர்வு வந்து புதுப்பிக்கும்போது விகிதத்தைப் பாதி சதவீதமா ஒரு சதவீதமா இறக்கிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்தே கையில் வருவது குறைந்துவிட்டது. நீங்கள் எல்லாரும் 8 என்பதைக் கல்வெட்டு மாதிரி வைத்துக்கொண்டு 25, 13 என்று சண்டை போடுகிறீர்கள்.

பழைய பேரேடு: இது நியாயமான பேச்சு. 8 என்பது அந்த டெபாசிட் முடியும் வரைக்கும்தான். முதல் நாளிலிருந்தே 6 சதவீதம் என்று வைத்தால் இதே 20,000 ஏறக்குறைய 139 மாதம்தான் வரும், பதினொன்றரை வருஷம்.

நேர்க்கோடு: பாருங்கள், ஒரு தடவை 165, ஒரு தடவை 139. இவருக்கே உறுதி இல்லை. 13,333 தந்திருந்தால் இந்தக் குழப்பமே வராது.

பழைய பேரேடு: ஐயோ, விகிதம் மாறினால் விடை மாறத்தான் செய்யும்! அந்த 88-ஐயும் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். 13,245-இலிருந்து தொடங்கினால் 164 மாதம். அதாவது உங்கள் மகா திருட்டு பதின்மூன்று வருஷத்தில் ஒரே ஒரு மாதத்தைத்தான் தின்கிறது. உங்கள் 25 வருஷமோ 135 மாதத்தைத் தின்கிறது. எதற்காகக் கத்த வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

நேர்க்கோடு: ஒரு மாதம் என்றால் 20,000. அது உங்களுக்குச் சில்லறையா? வீட்டுக்கடன் விவாதத்திலும் இப்படித்தான், கடைசியில் நீங்கள் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. நான் மறக்கவில்லை.

பழைய பேரேடு: அங்கே நான் சொன்னதைப் படிக்காமல் பதில் எழுதியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் இழுக்கவில்லை.

மூன்றாம்மாடி: எதற்கு அசலில் கை வைக்க வேண்டும்? அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் சாப்பிட்டால் ஆயுள் முழுக்க வரும், பிள்ளைகளுக்கும் மிஞ்சும். எங்கள் அப்பா அப்படித்தான் இருந்தார்.

பழைய பேரேடு: அவருக்கு வேண்டியது 20,000, வட்டி 13,245. கேள்வியை ஒரு தடவை படியுங்கள் தம்பி. அதோடு அசலைத் தொடாமல் இருந்தாலும் 13,245 என்பது எப்போதும் 13,245 தான். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் அதற்குப் பாதி மதிப்புக்கூட இருக்காது. வரும், ஆனால் போதாது. ‘ஆயுள் முழுக்க’ என்பதில் இதை யாரும் சொல்வதில்லை.

மூன்றாம்மாடி: எங்கள் அப்பாவைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

பழைய பேரேடு: அப்பாவைப் பற்றி யார் பேசினார்கள்? விலைவாசியைப் பற்றிப் பேசினேன்.

ஓய்வுக்குப்பின்: ஐயாக்களே, ஒரு சந்தேகம். டெபாசிட்டில் இருக்கும் அசலில் மாதம் 6,700 மட்டும் எடுக்க விடுவார்களா?

பழைய பேரேடு: நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே டெபாசிட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க முடியாது, உடைத்தால் முழுதும் உடையும், அபராத வட்டியும் கழியும். அதனால் ஒரே சீட்டாகப் போடாதீர்கள். முதல் ஒரு வருஷத்துக்கு வேண்டியதைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள், 80,000 சொச்சம். மிச்சத்தைச் சிறு சிறு டெபாசிட்டாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருஷம் முதிர்கிற மாதிரி வையுங்கள். சேமிப்புக் கணக்கில் வட்டி குறைவு, ஆகவே 164 என்பது இன்னும் சில மாதம் குறையும். எவ்வளவு என்பது நீங்கள் பிரிக்கும் விதத்தைப் பொறுத்தது.

தென்றல்73: நான் அப்படிப் பிரிக்காமல் அவசரத்துக்கு ஒன்றை உடைத்தேன். அப்போது கழித்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நேர்க்கோடு: எவ்வளவு கழித்தார்கள்? 88-க்கு மேலா கீழா?

பழைய பேரேடு: இந்த ஆள் 88-ஐ விடமாட்டார்.

நேர்க்கோடு: ஏன் விட வேண்டும்? மாதம் 88, வருஷத்துக்கு 1,056. பதின்மூன்று வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

பழைய பேரேடு: அசல் குறையக் குறைய அந்த 88-உம் குறையும். எத்தனை தடவை சொல்வது! பெருக்கல் ஒன்றுதான் தெரியுமா?

நேர்க்கோடு: வகுத்தலும் தெரியும். 20 லட்சம், 6,667, 300 மாதம்.