நாவல்ல பிளாஷ்பேக் எங்க வைக்கிறது? படிக்கிறவங்க அங்கயே நின்னுடறாங்க

குமிழ்முனை: அவசரம். நாவல் எழுதிட்டு இருக்கேன், படிக்கக் கொடுத்தவங்க எல்லாம் பிளாஷ்பேக் வர்ற இடத்துல நிறுத்திட்டாங்க, கேட்டா அப்புறம் படிக்கிறேன்னு சொல்றாங்க. அந்தப் பகுதி நல்லாதான் வந்திருக்கு. எங்க தூக்கி வைக்கலாம்? நாளன்னைக்குப் போட்டிக்கு அனுப்பணும்.

ராத்திரி ரயில்: எத்தனாவது அத்தியாயம், எத்தனை பக்கம், யாரோட நினைப்பு? எதுவுமே சொல்லலயே.

பழைய வாசகன்: மாசா மாசம் இதே கேள்வி. நேரா கதை சொல்ல வராதவங்கதான் பின்னாடி ஓடுவாங்க. நாலு நல்ல நாவல் படிச்சுட்டு வாங்க தம்பி.

குமிழ்முனை: தம்பி இல்ல சார், எனக்கு காலேஜ் போற பொண்ணு இருக்கா. 2ம் அத்தியாயம், 14 பக்கம். மரகதம் ரொம்ப வருஷம் கழிச்சு ஊருக்கு வந்து பஸ் விட்டு இறங்குறா, உடனே சின்ன வயசு ஞாபகம். ஸ்கூலை நிறுத்தி தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புறாங்க, அந்தக் காசுல தம்பி படிக்கிறான். இப்ப அவன் வீட்டுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கேக்குறான், அது 5ம் அத்தியாயம்.

இடைவேளை ரசிகன்: சினிமா மாதிரி நடுவுல வைங்க. ஏன் இப்படி இருக்கான்னு பாதி வரைக்கும் ஏங்க விட்டு, அப்புறம் மொத்தமா அவிழ்த்து விடணும்.

சாத்தூர்க்காரி: அக்கா ஒரு பக்கம்கூட வெட்டாதீங்க. எங்கம்மாவும் போனவங்கதான், விடியுறதுக்கு முன்னாடியே வண்டி வந்துரும், தூக்கத்துலயே ஏத்தி விடுவாங்களாம். இதெல்லாம் யாரு எழுதுறா?

மெய்ப்பு மேசை: ரசிகன் சொல்றதுல பாதி சரி, தள்ளி வைக்கணும். ஆனா சினிமாவுல நாம மரகதத்தை வெளிய இருந்து பாக்குறோம், இங்க அவ மனசுக்குள்ளயே உக்காந்திருக்கோம். அவளுக்குத் தெரிஞ்சதைப் பாதி நாவல் வரைக்கும் மறைச்சா படிக்கிறவனுக்கு ஏமாத்துன மாதிரி இருக்கும். அதனால விஷயத்தை மறைக்காதீங்க, முழுக்காட்சியை மட்டும் தள்ளுங்க. 2ம் அத்தியாயத்துல ஒரே வரி போதும், தம்பி படிக்க இவ தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான்னு. பஸ் விட்டு இறங்குறப்ப யாருக்கும் அவகிட்ட கேள்வியே இல்ல, கேக்காததுக்கு 14 பக்கம் பதில் சொன்னா நின்னுடத்தான் செய்வாங்க.

கேள்வி பிறக்குற இடம் பத்திர ஆபீஸ். அதுக்காக பேனா கையில இருக்கும்போதே பின்னாடி போயிடாதீங்க, கையெழுத்துப் போட்டாளா இல்லயான்னு பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. அவ போடாம எந்திரிச்சு வரட்டும், தம்பி எல்லார் முன்னாடியும் "உனக்கு என்னக்கா குறை வச்சேன்"னு கத்தட்டும். அன்னைக்கு ராத்திரி வைங்க. ஒரே ஒரு நாள் மட்டும், முதல் தடவை வண்டி வந்த விடியக்காலம், ரெண்டு மூணு பக்கம். முடிஞ்சு திரும்பும்போது அவ ஏதாவது முடிவெடுத்திருக்கணும், படுத்த மாதிரியே எந்திரிச்சா அது சும்மா ஞாபகம்தான்.

இடைவேளை ரசிகன்: அப்ப மீதி 11 பக்கம் குப்பையா?

மெய்ப்பு மேசை: அதை எடுத்துட்டு அடுத்த அத்தியாயங்களைப் படிச்சுப் பாக்கட்டும். எங்கயாவது ஒரு வசனம் புரியாமப் போனா அந்தத் தகவலை மட்டும் அங்க சேர்க்கலாம். அப்பாவோட கடன் மாதிரி விஷயம் இருந்தா தம்பி வாயாலயே பின்னாடி வரட்டும், அவன் சொல்றது இவ ஞாபகத்தோட ஒத்துப் போகாம இருந்தா இன்னும் நல்லது.

ராத்திரி ரயில்: ஒரு பத்தி போடுங்களேன், "போயிருந்தாள், நின்றிருந்தாள், அழுதிருந்தாள்"னு வரிசையா வருதா?

குமிழ்முனை: 14 பக்கமும் அப்படித்தான் 😬

ராத்திரி ரயில்: அதுவும் ஒரு காரணம். முதல் ரெண்டு வரிக்கு மட்டும் "இருந்தாள்" வைங்க, பின்னாடி போயிட்டோம்னு தெரிஞ்சிடும். அப்புறம் "போனாள், நின்றாள்"னு சாதாரணமா ஓட்டுங்க. திரும்பி வரும்போது இப்ப இருக்குற பொருள் ஒண்ணைக் காட்டிட்டாப் போதும், கையெழுத்துப் போடாத பத்திரமே இருக்கே.

பழைய வாசகன்: இவ்வளவு ஒட்டு வேலைக்கு 1ம் அத்தியாயத்தையே தீப்பெட்டி ஆபீஸ்ல ஆரம்பிச்சா தொல்லை விட்டுது.

மெய்ப்பு மேசை: அண்ணே, அப்படி வச்சா பத்திர ஆபீஸ்ல அவ ஏன் தயங்குறான்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். அங்க காத்திருக்க என்ன இருக்கு?

பழைய வாசகன்: காரணம் தெரிஞ்சவன்தான் என்ன செய்வாளோன்னு பதறுவான். உங்களுக்கெல்லாம் புதிர் மோகம்.

இடைவேளை ரசிகன்: சார் சொல்றது படத்துக்கும் பொருந்தும், வில்லனை முதல்லயே காட்டிடுற படமெல்லாம் ஓடலயா?

சாத்தூர்க்காரி: தம்பியை வில்லன் ஆக்கிட்டீங்களா இப்ப 🤦 அவன் அப்ப சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்.

குமிழ்முனை: ராத்திரிக்கு மாத்தி எழுதி வீட்டுல பொண்ணுகிட்ட கொடுத்தேன், நிறுத்தாமப் படிச்சா. ஆனா 2ம் அத்தியாயம் இப்ப 3 பக்கம்தான் இருக்கு, அதை 1 கூட சேர்த்துடவா? போட்டி நாளைக்கு முடியுது.