காம்பஸ் கோடுகள் வெட்டும் இடம் 70 மீட்டர் தள்ளி விழுகிறது, உதவி

கரையோரம்: அணைக்கரைக்குக் கீழே, கொள்ளிடத்தின் தென்கரையில் இரண்டு இடத்தில் நின்று, எதிர்த் திட்டிலுள்ள ஒற்றைப் பனைக்குக் கோணம் எடுத்தேன். தாளில் கோடு போட்டால், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பனையிலிருந்து 70 மீட்டர் வடகிழக்கே வெட்டுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, இறங்க முடியாது. நாளைக்குள் வேண்டும்.

வரப்பு: என்ன கோணம்? இரண்டு இடத்துக்கும் எவ்வளவு தூரம்?

பழைய சர்வேயர்: எண்களே இல்லாமல் கேள்வி! இரண்டு கோடும் ஒட்டினாற்போல் வெட்டியிருக்கும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

பழையாறு படகு: நாங்கள் கடலிலிருந்து கலங்கரை விளக்கத்தையும் கோபுரத்தையும் பார்த்துத்தான் கோடு போடுவோம். சரியாகவே வரும்.

வரப்பு: அண்ணே, அது நீங்கள் இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பது. இவர் எதிரே இருப்பதைத் தேடுகிறார்.

பழையாறு படகு: கோடு கோடுதானே?

கரையோரம்: எல்லைக்கல்லில் 46.5, மதகில் 324.5. மதகு கல்லுக்கு நேர் கிழக்கே 600 மீட்டர்.

வடக்குமுள்: காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. நம் பக்கம் ஒன்றரை டிகிரி போல மேற்கே விலகும். இரண்டிலும் அதைக் கழியுங்கள், சரியாகிவிடும்.

வரப்பு: ஒன்றரை டிகிரி இரண்டு கோட்டையும் சேர்த்துத் திருப்பினால் இந்த அளவில் 16 மீட்டர்தான் நகரும், 70 வராது. கோடுகளும் 82 டிகிரியில் வெட்டுகின்றன, அதில் குறையில்லை. கல்லிலிருந்து மதகைப் பார்த்து எடுத்தீர்களா? மதகிலிருந்து கல்லை?

கரையோரம்: 91.5. திரும்ப 279.5.

வரப்பு: அங்கேதான் இருக்கிறது. திரும்ப 271.5 வரவேண்டும். 8 டிகிரி கூடுதல். மதகின் இரும்பு ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள், அங்கே எடுத்த எல்லாக் கோணமும் அதே அளவு தவறும். பனைக்கு 316.5 என்று வையுங்கள். அப்புறம், படத்தில் மதகு 90-இல் இருக்க, கல்லில் 91.5 வந்திருக்கிறது. ஆகவே கல்லில் 1.5, மதகில் மொத்தம் 9.5 கழித்தால் 45, 315. பனை கல்லுக்குக் கிழக்கே 300, வடக்கே 300 மீட்டர்.

பழைய சர்வேயர்: கல்லிலும் இரும்பு இல்லையென்று எப்படித் தெரியும்? வண்டியை அங்கேதானே நிறுத்தியிருப்பார்!

வரப்பு: இருந்தாலும் பரவாயில்லை. தெரிந்த திசையோடு ஒப்பிட்டுத்தான் கழிக்கிறோம், காரணம் எதுவானாலும் சேர்ந்து போய்விடும். நின்ற இடத்தை மட்டும் மாற்றியிருக்கக் கூடாது.

வடக்குமுள்: அந்த 1.5 நான் சொன்னதுதான்.

பழைய சர்வேயர்: அல்லது வண்டி.

கரையோரம்: 8 கழித்ததுமே 16 மீட்டருக்கு வந்துவிட்டது. மீதியையும் போடுகிறேன். வண்டி பக்கத்தில்தான் இருந்தது.