அம்மா 3, ஆசிரியர் 8: எப்படிப் புரிந்துகொள்வது?

வணக்கம். பாம்பன் பக்கம் சிறப்பாசிரியராக இருக்கிறேன். 8 வயதுப் பையன் ஒருவனுக்கு குழந்தைகளின் நடத்தை, உணர்வுச் சிக்கல்களை அறிய உதவும், 25 கேள்விகள் உள்ள எஸ்.டி.க்யூ. படிவம் நிரப்பினோம். துறுதுறுப்பு, கவனக்குறைவுப் பகுதியில் 10க்கு அம்மா 3, வகுப்பாசிரியர் 8. 7 வந்தாலே அதிகம். சராசரி எடுத்தால் 5.5, பிரச்சினையே இல்லாததுபோல் ஆகிவிடும்.

சரி என்று கேள்வி கேள்வியாக ஒப்பிட்டேன். தொடங்கிய வேலையை முடிப்பானா என்பதற்கு அம்மா முழு உண்மை என்றிருந்தார். ஏன் என்று கேட்டேன். “அவங்க அப்பாகூட உக்காந்தா வலையில சிக்குன நண்டு பூராவும் எடுத்துட்டுதான் எந்திரிப்பான் சார்.” ஆசிரியரோ, இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துவிடுகிறான் என்கிறார். இருவர் சொல்வதையும் நம்புகிறேன்.

பார்வையும் வாசிப்பும் சோதிக்கப்போகிறேன். அப்புறம், எழுத்து வேலையிலும் கைவேலையிலும் அவனைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். எத்தனை நிமிடம், எதையெல்லாம் குறிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.