ஓஎல்இடி டிவியில் துடைத்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது, போகுமா?

கதிர்: 55 அங்குல ஓஎல்இடி, வாங்கி எட்டு மாதம். பையன் எண்ணெய்க் கையோடு தொட்டுவிட்டான். ஜன்னலுக்கு வைத்திருந்த நீல நிறக் கண்ணாடி கிளீனரை அடித்து, செய்தித்தாளால் துடைத்தேன். இப்போது டிவி அணைந்திருக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் அந்த இடம் வெளிறித் தெரிகிறது. ஓடும்போது தெரியவில்லை.

சாந்தி: ஐபிஏ ஆல்கஹால் வாங்கித் துடைங்க தம்பி. என் போனை நாலு வருஷமாக அதில்தான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழைய டெக்னீஷியன்: போனுக்குச் சரி அக்கா, அதன் முகப்பு நிஜக் கண்ணாடி. டிவியில் நம் கை படுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம். எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு அதன் மேல்தான் இருக்கிறது. கண்ணாடி கிளீனரில் இருக்கக்கூடிய அம்மோனியாவோ, ஐபிஏ மாதிரி ஆல்கஹாலோ அதைக் கெடுக்கலாம், செய்தித்தாள் உரசும்.

கதிர், பூச்சு போய்விட்டது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். கிளீனர் காய்ந்து படிந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். டிவியை அணைத்து ஆறவிடுங்கள். முதலில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தூசியை எடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூசியே கீறும். அப்புறம் இன்னொரு துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கையின் எடை மட்டும் படும்படி துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். திரை மேல் நேராக எதையும் அடிக்கக் கூடாது. வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் போனால் அங்கே இருக்கும் இணைப்புகள் அரித்துப்போய் திரையில் கோடு விழும். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். திட்டு மங்கினாலோ வடிவம் மாறினாலோ அது படிவு. அதே ஓரத்தோடு அப்படியே நின்றால் பூச்சு போயிருக்கிறது.

மணி: எனக்கும் இதே பிரச்சினைதான். மானிட்டரில் அழுந்தத் துடைத்தேன், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. எந்தத் தண்ணீரில் துடைக்க வேண்டும்?

பழைய டெக்னீஷியன்: உங்களுடையது வேறு. மானிட்டர் ஓடும்போதும் அந்தப் புள்ளி தெரிந்தால் அது அழுக்கு இல்லை. எல்சிடியில் அழுத்தினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் பாதிக்கும். இனி அங்கே கையே வைக்காதீர்கள்.

சாந்தி: போர் தண்ணீர் போதாதா?

பழைய டெக்னீஷியன்: உப்பு வெள்ளையாகப் படியும். அழுக்கெடுக்கப் போய் அழுக்கு சேர்ப்பீர்கள்.

கதிர்: மூன்று முறை துடைத்தேன். முதல் தடவை துணியிலிருந்தே கோடு விழுந்தது. கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி போட்டு அலசிய துணி, அதனால்தானோ என்னவோ. புதுத் துணியில் பெரும்பகுதி போய்விட்டது. உள்ளங்கை அளவு மட்டும் அப்படியே நிற்கிறது, ஓரம்கூட மாறவில்லை.

பழைய டெக்னீஷியன்: துணி சந்தேகம் சரிதான், அது பிசுக்கை விட்டுவிடும். மிச்சம் இருப்பது பூச்சு போன இடம். வீட்டில் அதைத் திரும்பப் பூச வழியில்லை. கார் பாலிஷ் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், திட்டுதான் பெரிதாகும்.

மணி: என் புள்ளி இன்றைக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. தானாகவே போகுமா?