பிஐபி ஆவணத்தை எச்ஆர் திருப்பி அனுப்பிவிட்டது, நாளைக்குள் மாற்றித் தர வேண்டும்

கார்த்திகை
என் டீமில் ஒருவருக்கு பிஐபி, அதாவது குறித்த நாளுக்குள் வேலையில் முன்னேறுவதற்கான திட்டம், எழுதினேன். "மொழி நடுநிலையாக இல்லை, இலக்கை அளக்க முடியாது" என்று திரும்பி வந்துவிட்டது. நான் எழுதியது: "பொறுப்பில்லாமல் வேலை செய்கிறார், டிக்கெட்டுகளை அடிக்கடி தாமதிக்கிறார். 60 நாளில் கணிசமாக முன்னேற வேண்டும். தேவையான உதவி வழங்கப்படும். தவறினால் பணிநீக்கம்." இதில் என்ன தப்பு?

ஓடைக்கல்
என்ன வேலை? தாமதம் என்றால் எவ்வளவு? இதற்கு முன் அவரிடம் பேசியிருக்கிறீர்களா?

பழையவன்
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். ஒரு டிக்கெட்கூட தாமதமாகக் கூடாது என்று எழுதுங்கள். பூஜ்யத்தை விடத் தெளிவான அளவு எது?

கார்த்திகை
கஸ்டமர் சப்போர்ட். இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். கடந்த 6 வாரத்தில் 120-இல் 42 தாமதம். மற்றவர்களுக்கு 10 சதவீதம் போல. இரண்டு முறை பேசினேன், மெயிலும் இருக்கிறது.

மலர்விழி
பூஜ்யம் அளக்கக்கூடியதுதான், ஆனால் டீமில் யாருமே எட்டாத அளவு. அதை ஒருவருக்கு மட்டும் வைத்தால் வேலையை விட்டு அனுப்புவதற்கென்றே எழுதியது போலாகிவிடும்.

"பொறுப்பில்லாமல்" என்பது அவருடைய குணத்தைப் பற்றிய உங்கள் தீர்ப்பு. அதை எடுத்துவிட்டு, தேதிகளோடு "120 டிக்கெட்டில் 42 இரண்டு வேலை நாளைத் தாண்டின" என்று மட்டும் எழுதுங்கள். இலக்கு: 30-ஆம் நாளில் தாமதம் 20 சதவீதத்துக்குள், 60-ஆம் நாளில் 10-க்குள். பரிசீலனை நாட்களைக் காலண்டர் தேதியாகவே போடுங்கள். உதவியிலும் யார், எப்போது என்று வர வேண்டும்: "முதல் 3 வாரம், செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் மூத்த ஊழியர் ஒருவர் உடனிருந்து பார்ப்பார்" என்பது போல. கடைசி வரி, "இலக்கை எட்டாவிட்டால் பணிநீக்கம் வரையிலான நடவடிக்கை எடுக்கப்படலாம்". முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டதாகத் தெரியக் கூடாது.

நீலவானம்
எனக்கும் பிஐபி கொடுத்தார்கள். வாராந்தரச் சந்திப்பு என்று எழுதியிருந்தது. 8 வாரத்தில் இரண்டு முறைதான் நடந்தது. கையெழுத்தே போட்டிருக்கக் கூடாது.

பழையவன்
கையெழுத்து போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மலர்விழி
அப்படி இல்லை. "பெற்றுக்கொண்டேன், ஒப்புதல் என்று பொருளல்ல" என்ற வரியைச் சேர்த்து, ஊழியர் தன் கருத்தை எழுதவும் இடம் விடலாம்.

பழையவன்
எந்த வரி போட்டாலும் கடைசியில் அனுப்பத்தான் போகிறார்கள்.

நீலவானம்
என்னோடு பிஐபியில் இருந்த இன்னொருவர் தேறிவிட்டார். அவருடைய மேனேஜர் ஒரு சந்திப்பையும் விடவில்லை.

ஓடைக்கல்
கார்த்திகை, அந்த 42-இல் வேறு டீமின் பதிலுக்காகக் காத்திருந்தவை எத்தனை? அவர் கையில் இல்லாத தாமதத்தை அவர் கணக்கில் எழுத முடியாது.

கார்த்திகை
பார்த்தேன், 17. அவற்றைக் கழித்தால் 25-தான். மற்றவர்கள் கணக்கையும் இதே மாதிரி திரும்ப எண்ண வேண்டும், அப்புறம்தான் 10 சதவீதம் சரியா என்று தெரியும். எச்ஆரிடம் இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.