புதுப்பிப்பு: பிரிட்டன் விசா மறுப்பும் கணக்கில் வந்த பெரிய தொகைகளும்

முன்பு நான் கேட்டது: "மகளைப் பார்க்க விசிட்டர் விசா கேட்டேன். கணக்கில் வந்த பெரிய தொகைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லையென மறுத்துவிட்டார்கள். இப்போது என்ன காட்டுவது?"

சென்ற வாரம் மறுபடி விண்ணப்பித்துவிட்டேன். இந்த விசாவுக்கு மேல்முறையீடு கிடையாது.

நிலம் விற்ற பணத்துக்குப் பத்திர நகல் போதும் என்றார் ஒரு நண்பர். பாதிதான் சரி. பத்திரத்தில் 6 லட்சம், கணக்கில் வந்ததோ 5.5 லட்சம். மீதி 50,000 ஜனவரியிலேயே முன்பணமாக, காசோலையில் வந்தது. இங்கே சுட்டிக்காட்டிய ஓய்வுபெற்ற வங்கி அண்ணனுக்கு நன்றி. இரண்டு வரவுகளையும் ஸ்டேட்மென்டில் வட்டமிட்டு, கடிதத்தில் கூட்டிக் காட்டினேன். பத்திரம் தமிழில் இருந்ததால், மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு ஆங்கிலப் பிரதியும் வைத்தேன்.

தம்பி கொடுத்த 2 லட்சத்துக்கு, திருப்பித் தர வேண்டாம் என்று அவன் எழுதிய கடிதத்தை மட்டும் போன தடவை வைத்திருந்தேன். அவனிடம் அந்தப் பணம் எப்படி வந்தது என்பதற்கு ஒன்றுமே இல்லை! இம்முறை அவனுடைய ஸ்டேட்மென்டும் சம்பளச் சீட்டும் சேர்ந்தன.

அன்பளிப்புக்கு வரி உண்டா என்று கேட்ட அக்காவுக்கு: என் கேள்வி அதுவல்ல. ஆனாலும், உடன்பிறந்தவர் தந்தால் வாங்குபவருக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை.

உறுத்துவது கடைப்பணம்தான். ரொக்கமாகக் கட்டிய 1.4 லட்சத்துக்கு ஜிஎஸ்டி தாக்கலையும் தினக்கணக்கையும் வைத்தேன். விற்பனை பொருந்துகிறது, ஆனால் மூன்று வார வசூலை ஒரே நாளில் கட்டியிருக்கிறேன். அதை ஏற்பார்களா தெரியவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.